பி.பி. ஏறிவிட்டது, லாக்டேட் இறங்கவில்லை



சிறுநீரகக் கல் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று கொஞ்சம் தடிமனாக இருந்தது. பிரித்தால், ஒரு பக்கக் கடிதத்தோடு ஒரு அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஐ.சி.யூ. தாள்களின் நகலும் இருந்தன. எழுதியவர் மகள். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் குடும்பத்துக்குள் ஒரு மனத்தாங்கல் ஆறவில்லை. "பி.பி. ஏறி நின்றுவிட்டது என்று டாக்டரே வந்து சொன்னார். சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நடுராத்திரியில் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். விடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? பணத்துக்காகத்தான் அவசரப்பட்டார்களோ என்று அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்" என்று எழுதியிருந்தார்.

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது, ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்படி இருக்கிறது. பல ஆண்டுகள் ஐ.சி.யூ.வில் இரவு வேலை பார்த்தவன் என்ற முறையில், மகளின் சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, அந்த இரவை உங்களோடு சேர்ந்து படிக்கிறேன். இந்த மாதம் ஆசிரியர் பக்கம் வழக்கத்தைவிட நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர். எடை 60 கிலோ. இரண்டு நாளாகக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலை பேச்சு குழறி, மகளையே யாரென்று கேட்டபோதுதான் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. இரவு 7.10க்கு அவசரப் பிரிவில் எழுதியது: பி.பி. 82/46, நாடித்துடிப்பு 128, மூச்சு நிமிடத்துக்கு 30, காய்ச்சல் 103 டிகிரி. லாக்டேட் 5.8.

பி.பி.யில் நாம் எல்லோரும் மேலே இருக்கும் எண்ணைத்தான் பார்ப்போம். ஐ.சி.யூ. டாக்டரின் கண் கீழே இருக்கும் எண்ணுக்கும் போகும். மேல் எண்ணோடு கீழ் எண்ணின் இருமடங்கைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி ரத்த அழுத்தம் வரும். இந்த அம்மாவுக்கு அது 58. மூளையும் சிறுநீரகமும் தடையில்லாமல் ரத்தம் பெறப் பொதுவாக 65 வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட குறி. கீழ் எண் 46 வரை தாழ்ந்திருப்பது இன்னொன்றையும் சொல்கிறது. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து விரிந்துவிட்டது. கிருமியோடு போராடும் உடம்பே வெளியிடும் வேதிப்பொருள்கள் செய்கிற வேலை அது. தொட்டியில் இருக்கிற தண்ணீர் அதேதான், வெளியே போகும் குழாய் மட்டும் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மேல் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. போதாததற்கு நுண்குழாய்களின் சுவர் கசியவும் தொடங்குவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது.

ஆகவே முதலில் திரவம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றச் சொல்கிறது 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். இந்த அம்மாவுக்கு அது 1,800 மில்லி. ஏற்றியது ரிங்கர் லாக்டேட். (பெயரில் லாக்டேட் இருக்கிறதே, அதை ஏற்றினால் ரத்தத்தில் லாக்டேட் கூடாதா என்று செவிலியர் மாணவியர் கேட்பதுண்டு. அந்த அளவு குறிப்பிடும்படி கூடாது. பயப்பட வேண்டாம்.) கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு 7.40க்கு மெரோபெனம் போட்டிருக்கிறார்கள். வந்து அரை மணி நேரத்தில் ஆன்டிபயாட்டிக். இதைவிட வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

8.30 மணிக்கு ஒரு லிட்டர் உள்ளே போய்விட்டது. பி.பி. 84/44. சராசரி 57. ஒரு லிட்டருக்குப் பிறகும் எதுவும் நகரவில்லை. இந்த இடத்தில்தான் பல மருத்துவமனைகளில் நேரம் கரையும். "இன்னும் ஒரு பாட்டில் போகட்டும், பார்க்கலாம்" என்பார்கள். பாட்டில் முடியும், அடுத்தது தொங்கும். இந்த டியூட்டி டாக்டர் அப்படிக் காத்திருக்கவில்லை. மீதி 800 மில்லி ஓடிக்கொண்டிருக்கும்போதே நார்அட்ரினலினைத் தொடங்கிவிட்டார்.

நார்அட்ரினலின் விரிந்த குழாயைச் சுருக்கும் மருந்து. செப்டிக் ஷாக்கில் முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்போது எடுப்பது என்பதில்தான் பழக்கம் மாறிக்கொண்டு வருகிறது. திரவம் முழுவதும் முடிந்து, கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்டு, எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்து, பிறகுதான் என்றொரு காலம் இருந்தது. அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரமும் சராசரி அழுத்தம் 57லேயே கிடக்கும். பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில் 310 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு நார்அட்ரினலினைத் தொடக்கத்திலேயே கொடுத்தவர்களில் ஆறு மணி நேரத்துக்குள் ஷாக் கட்டுக்குள் வந்தது 100க்கு 76 பேருக்கு. வழக்கமான முறையில் 48 பேருக்கு. நுரையீரலில் நீர் கோப்பதும் முதல் அணியில் குறைவு. இறப்பு விகிதத்தில் உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மருத்துவமனையின் ஆய்வு அது.

திரவத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை இன்னும் கடுமையாகக் காட்டியது ஜாம்பியாவின் லுசாகாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. கிருமித்தொற்றோடு பி.பி. தாழ்ந்து வந்த 209 பேர். ஒரு பாதிக்கு முதல் ஆறு மணி நேரத்தில் அட்டவணைப்படி நிறையத் திரவம், மறுபாதிக்கு டாக்டரின் வழக்கமான முடிவுப்படி. நிறையத் திரவம் பெற்றவர்களில் 100க்கு 48 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 33 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இருந்தது, வென்டிலேட்டர் வசதி குறைவு. ஆகவே அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் மூச்சுத் திணறினால் தாங்கிப் பிடிக்க வசதியில்லாத இடத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவது மருந்தாகாது என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகு மறுப்பது கடினம். நம் தாலுகா ஊர்களின் சிறு நர்சிங் ஹோம்கள் பலவும் அந்த நிலைமையில்தான் இருக்கின்றன.

நம் அம்மாவுக்கு மருந்து போனது முழங்கை மடிப்பில் இருந்த பெரிய நரம்பு வழியாக. இதுவும் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். சென்ட்ரல் லைனுக்காக மருந்தைத் தாமதிக்காமல், கை நரம்பிலேயே சில மணி நேரம் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று. மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தோல் வெளுத்து, ரத்தம் இல்லாமல் அழுகிவிடக்கூடும். படுக்கை அருகே இருக்கும் உறவினர்கள், ஊசி குத்திய இடம் வெளுத்தாலோ வீங்கினாலோ நோயாளி எரிகிறது என்றாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சின்ன உதவி, பெரிய சேதத்தைத் தடுக்கும்.

50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று தொடக்கம். 60 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பம்ப் மணிக்கு 4.5 மில்லி ஓட வேண்டும். இந்த 4.5ஐ நினைவில் வையுங்கள்.

9.15க்குத் திரவம் முழுவதும் முடிந்தது. சராசரி அழுத்தம் 66. குடும்பத்திடம் நல்ல செய்தி சொன்னது இந்த நேரத்துக்குப் பிறகுதான். மானிட்டரில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, உறவினர்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அதே 9.15க்கு எடுத்த இரண்டாவது லாக்டேட் 5.2.

லாக்டேட் என்பது செல்கள் சர்க்கரையை எரிக்கும் வழியில் உண்டாகும் பொருள். ஆரோக்கியமான உடம்பிலும் உண்டு. கல்லீரல் அதை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் ரத்தத்தில் 2 மில்லிமோலுக்குக் கீழே நிற்கும். திசுக்களுக்கு ரத்தம் போதாமல் போகும்போதும், நோயின் வேகத்தில் உடம்பின் சொந்த அட்ரினலின் பொங்கும்போதும் உற்பத்தி ஏறுகிறது. கல்லீரல் தளர்ந்தால் அகற்றுவது குறைகிறது. செப்டிக் ஷாக்கில் மூன்றும் சேர்ந்தே நடக்கும். 2016இல் வகுத்த வரையறையே லாக்டேட்டை உள்ளே வைத்துத்தான் செப்டிக் ஷாக்கைச் சொல்கிறது. போதுமான திரவம் கொடுத்த பிறகும் சராசரி அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2க்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். இந்த இரண்டும் சேர்ந்தவர்களில் மருத்துவமனை இறப்பு 100க்கு 40ஐத் தாண்டும் என்றது அதே ஆவணம்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. சில ஆய்வகங்கள் லாக்டேட்டை மில்லிகிராமில் தருகின்றன. ஒரு மில்லிமோல் என்பது சுமார் 9 மில்லிகிராம். ஒரு தாளில் 2 என்றும் இன்னொரு தாளில் 18 என்றும் பார்த்து அலறியடித்துக்கொண்டு எங்களுக்குப் போன் செய்தவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான்.

ஒற்றை லாக்டேட்டை வைத்து அதிகம் சொல்ல முடியாது. இந்த அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், சிறுநீரகம் தடுமாறுகிறது, மாத்திரையே லாக்டேட்டைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். வலிப்பு வந்தவர்களுக்கும் ஏறும், அட்ரினலின் மருந்து கொடுத்தாலும் ஏறும். எடுத்த ரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு ஊழியர் சாப்பிடப் போனால், குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது போக்கு. ஒரே நோயாளிக்கு, ஒரே கருவியில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஒரு ஆய்வில் இரண்டு மணி நேரத்துக்கு 20 சதவீதம் இறங்க வேண்டும் என்று குறி வைத்தே சிகிச்சை கொடுத்தார்கள். நம் அம்மாவுக்கு 5.8, 5.2 ஆனது. பத்து சதவீதம். மந்தம்தான், ஆனால் இறக்கம். இதோடு விட்டிருந்தால் நானும் சரிதான் என்றிருப்பேன்.

11.15க்கு மூன்றாவது ரத்தம். லாக்டேட் 5.5.

அதே நேரத்தில் மானிட்டரில் சராசரி அழுத்தம் 66. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த அதே 66. ஆனால் பம்பைப் பாருங்கள். மணிக்கு 4.5 மில்லி ஓடியது 11ஐத் தாண்டி ஓடுகிறது. மருந்தின் அளவு 0.1இலிருந்து 0.25 ஆகிவிட்டது. சிறுநீர் இரண்டு மணி நேரத்தில் மொத்தம் 30 மில்லி. அதாவது அழுத்தம் நின்றுகொண்டிருக்கவில்லை, இரண்டரை மடங்கு மருந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பி.பி. எண்ணைப் பம்பின் எண்ணோடு சேர்த்துப் படிக்காவிட்டால் அது பொய் சொல்லும். அண்ணனுக்குச் சொன்ன "ஏறி நின்றுவிட்டது" என்பது மானிட்டரைப் பொறுத்தவரை உண்மை. நோயாளியைப் பொறுத்தவரை அவர் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

திரவம் கொடுத்தாயிற்று, சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்று, அழுத்தமும் நிற்கிறது, அப்படியும் லாக்டேட் ஏறுகிறது என்றால் டாக்டரின் மனத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வி, உள்ளே எங்கே அடைபட்டிருக்கிறது என்பது. வயிற்றில் ஓட்டை விழுந்த குடலா, சீழ் கட்டிய பித்தக் குழாயா, காலில் அழுகிய தசையா? இந்த டியூட்டி டாக்டர் 9.30 மணிக்கே படுக்கையருகில் ஸ்கேன் வைத்துப் பார்த்திருந்தார். இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. 10.30க்கு எடுத்த சி.டி.யில், மருந்து ஏற்றாமல் எடுத்த சாதாரண சி.டி.தான், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் மேல்பகுதியில் 9 மில்லிமீட்டர் கல். குழாயை முழுவதுமாக அடைத்திருந்தது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனை கிட்டத்தட்ட சுத்தமாக வந்திருந்தது. முதல் கிளினிக்கிலும் சிறுநீர் பார்த்து, "யூரின் இன்ஃபெக்‌ஷன் இல்லை, வைரல் காய்ச்சலாக இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். குழாய் முழுதாக அடைபட்டால் சீழ் கல்லுக்கு மேலேயே தேங்கிவிடும். கீழே சிறுநீர்ப்பைக்கு வருவது நல்ல நிலையில் இருக்கும் மறு சிறுநீரகத்தின் சிறுநீர்தான். சுத்தமான சிறுநீர் அறிக்கையைப் பார்த்து அடைப்பே இல்லை என்று முடிவுகட்டுவது இந்த நோயில் அடிக்கடி நேரும் தவறு.

ஆன்டிபயாட்டிக் ஏன் போதவில்லை? சிறுநீரகம் வடிகட்டும் உறுப்பு. மருந்து ரத்தத்திலிருந்து வடிந்து சிறுநீரில் இறங்கினால்தான் அங்கிருக்கும் கிருமியைத் தொடும். குழாய் அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியதும் அந்தப் பக்கத்து வடிகட்டல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மருந்து ரத்தத்தில் நிறைய இருக்கும், சீழுக்குள் சொற்பமாகத்தான் போகும். அதைவிட மோசம், உள்ளே ஏறிய அழுத்தம் கிருமியையும் அதன் நச்சையும் சிறுநீரகத்து நரம்புகள் வழியாக மறுபடி ரத்தத்துக்குள்ளேயே தள்ளுகிறது. இந்தப் பக்கம் நாம் மருந்தால் கிருமியைக் கொல்லக் கொல்ல, அந்தப் பக்கம் புதிதாக வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது லாக்டேட் சொன்னது இதைத்தான்.

11.30 மணிக்கு யூராலஜிஸ்டோடு நடந்த போன் பேச்சைத் தாளில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். "காலையில் முதல் கேஸாக எடுக்கலாமா என விவாதிக்கப்பட்டது." யூராலஜிஸ்டின் தயக்கம் அர்த்தமில்லாதது அல்ல. பி.பி. மருந்தில் ஓடும் நோயாளிக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து. இரவில் பழகிய உதவியாளர்கள் இருக்க மாட்டார்கள். நிலைமை கொஞ்சம் சீராகட்டும், பிறகு செய்வோம் என்பது பல நோய்களில் நல்ல விதி. அடைபட்ட சீழில் அந்த விதி தலைகீழாகிவிடுகிறது. சீழ் வெளியேறாமல் நிலைமை சீராகாது. சீராகட்டும் என்று காத்திருந்தால் மருந்தின் அளவு ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டியூட்டி டாக்டர் போனில் மூன்று லாக்டேட் எண்களையும் பம்பின் இரண்டு எண்களையும் படித்துக் காட்டினாராம். மகள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார், என்னவென்று அப்போது புரியவில்லை என்று எழுதியிருக்கிறார். யூராலஜிஸ்ட் கிளம்பி வந்துவிட்டார்.

இப்படிக் கிளம்பி வருவதற்கு என்ன மதிப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிறுநீர்க் குழாயில் கல்லும் அதோடு கிருமித்தொற்றும் சேர்ந்து அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அடைப்பைத் திறந்து வடித்துவிட்டவர்களில் இறந்தவர்கள் 100க்கு சுமார் 9 பேர். வடிக்காமல் விட்டவர்களில் 19 பேர். பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வுதான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையாக இதை நடத்தவும் முடியாது, சீழை வடிக்காமல் விடு என்று யாரிடம் சொல்வது? சர்வதேச வழிகாட்டுதலின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, கண்டுபிடித்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் மூலத்தை அகற்ற வேண்டும் என்ற அளவில் பேசியது. 2021இல் மணிக் கணக்கை விட்டுவிட்டு, நடைமுறையில் முடிந்தவரை சீக்கிரம் என்றார்கள். ஷாக்கில் இருப்பவருக்கு அந்த "முடிந்தவரை" என்பதை அன்று இரவே என்றுதான் நான் படிப்பேன்.

12.40க்குத் தியேட்டர். இங்கே குடும்பங்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம். அன்று இரவு கல்லை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. கல்லை உடைக்கப் போனால் நேரம் நீளும், உள்ளே நீர் பாய்ச்ச வேண்டும், அழுத்தம் கூடிக் கிருமி இன்னும் ரத்தத்தில் ஏறும். செய்தது இவ்வளவுதான். சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய கம்பியைக் கல்லைத் தாண்டி ஏற்றி, அதன்மேல் டி.ஜே. ஸ்டென்ட் என்ற வளைந்த நுனியுள்ள சிறு குழாயை நழுவவிட்டார்கள். இலேசான மயக்கம், 20 நிமிடம். கம்பி கல்லைத் தாண்டியதும் கெட்டியான சீழ் பீய்ச்சி வந்தது என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்கிறது. கம்பி தாண்டாத நோயாளிகளுக்கு, முதுகுப் பக்கம் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் சிறுநீரகத்தில் நேராகக் குழாய் போடலாம். இரண்டில் ஒன்று மற்றதைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. அந்த ராத்திரியில் அந்த மருத்துவமனையில் எது முதலில் கைகூடுமோ அதுவே நல்லது.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு நிலைமை மோசமானது. பி.பி. மறுபடி சரிந்து நார்அட்ரினலின் 0.35 வரை போனது, கூடவே வாசோப்ரெசினும் சேர்த்தார்கள். குழாயைத் தொட்டுக் கலக்கும்போது கிருமியின் நச்சு ஒரு கொத்தாக ரத்தத்தில் இறங்குவது எதிர்பார்க்கக் கூடியதுதான். அண்ணனுக்கு மனம் கசந்தது இந்த ஒரு மணி நேரத்தில்தான் என்று ஊகிக்கிறேன். உள்ளே போகும்போது நன்றாக இருந்தவர், வெளியே வரும்போது இரண்டு பம்போடு வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இப்படி ஆகக்கூடும் என்று கையெழுத்து வாங்கும்போதே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

பிறகு நடந்ததை எண்களே சொல்கின்றன. அதிகாலை 3 மணி லாக்டேட் 4.1. 5 மணிக்கு 3.0. காலை 9 மணிக்கு 1.9. மதியத்துக்குள் நார்அட்ரினலின் பாதியாகி, மறுநாள் மாலை முழுதாக நின்றது. ஆன்டிபயாட்டிக் அதேதான், ராத்திரி 7.40க்குத் தொடங்கிய அதே மருந்து. அதுவரை பிடிக்காதது அடைப்பு திறந்ததும் பிடித்தது. ரத்தத்திலும் சீழிலும் வளர்ந்தது ஒரே ஈ.கோலை. ஒன்பதாம் நாள் வீடு. நான்கு வாரம் கழித்து, காய்ச்சல் எதுவும் இல்லாத நிலையில், லேசரில் கல்லைப் பொடித்து ஸ்டென்டையும் எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள். உடம்பு தேறியதும் ஸ்டென்டை மறந்துவிட்டு வருஷக்கணக்கில் சுமந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன்மேலேயே கல் படிந்துவிடும்.

லாக்டேட் கருவி எல்லா ஊரிலும் இல்லையே என்று நம் செவிலியர் வாசகர்கள் கேட்பீர்கள். தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம் 2019இல் ஒரு ஒப்பீடு செய்தார்கள். ஒரு அணிக்கு லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை. மறு அணிக்கு விரல் நுனியைப் பார்த்து. ஆள்காட்டி விரலின் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து விநாடி பிடித்து, விட்டதும் சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவது. மூன்றுக்குள் திரும்பினால் நல்லது. விரலைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்த அணி லாக்டேட் அணியைவிடப் பின்தங்கவில்லை, இறப்பு கொஞ்சம் குறைவாகவே தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அல்ல. கறுத்த தோலிலும் குளிரூட்டிய அறையிலும் கணிப்பது கடினம் என்ற குறையும் உண்டு. ஆனாலும் நாமக்கல் பக்கமோ கிளிநொச்சிப் பக்கமோ ஒரு சிறு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் ஒரு நர்ஸ், அரை மணிக்கு ஒருமுறை இந்த விநாடியையும் பம்பின் எண்ணையும் ஒரே தாளில் எழுதி வந்தால், நோயாளி எந்தப் பக்கம் போகிறார் என்பது கருவி இல்லாமலும் தெரியும். பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டுமா என்ற முடிவுக்கும் அந்தத் தாளே போதும். அனுப்பும்போது ஆம்புலன்ஸில் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டே போகட்டும். போகிற இடத்தில் யூராலஜிஸ்டோ சர்ஜனோ இருக்கிறாரா என்று முதலில் போன் செய்துவிட்டு அனுப்புங்கள்.

கடிதம் எழுதிய மகளுக்கு: உங்கள் அண்ணனிடம் 11.15 மணித் தாளைக் காட்டுங்கள். அந்த இரவு அவசரப்பட்டார்கள் என்பது உண்மை, அவசரப்பட்டதால்தான் அம்மா இருக்கிறார்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள ஒருவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் ஒரு பக்க முதுகு வலியும் சேர்ந்து வந்தால், சிறுநீர் அறிக்கை சுத்தமாக இருந்தாலும் அன்றே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐ.சி.யூ. வாசலில் நிற்க நேர்ந்தால், பி.பி. எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், மருந்தின் அளவு கூடுகிறதா குறைகிறதா, லாக்டேட் இறங்குகிறதா, கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதா என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "தெரியும், காலையில் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், ஏன் இப்போதே கூடாது என்று மரியாதையாக இன்னொரு முறை கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்